கோயில் சமையலறைத் தீ: ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள், நிமிடக் கணக்கை எப்படி எழுதுவது?

காவடி_குமரன் (சாட்ஸ்வர்த், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் கமிட்டியில் நான் செயலாளர். தைப்பூசக் காவடிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, மண்டபத்துக்குப் பின்னாலுள்ள சமையலறையில் வடைக்கு வைத்த எண்ணெய் பற்றிக்கொண்டது. பக்கத்திலேயே 48 கிலோ கேஸ் சிலிண்டர். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. உதவிக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் கையில் சூடு, இப்போது தேவலை.

இன்சூரன்ஸ்காரர்கள் நிமிடவாரியாக என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது, கையில் இருப்பது இதுதான்:

சமையலம்மா: "சரியா ஏழு மணி. பூஜை மணி அடிச்சுது, அப்பதான் பார்த்தேன்."
குருக்கள்: "ஏழே காலுக்கு மேல. தீபாராதனை நடந்துகிட்டிருந்தது."
கேட் காவலர் ஓபி புத்தகத்தில் எழுதியது: 19:05.
சிசிடிவியில் தாழ்வாரத்தில் புகை தெரியும் நேரம்: 19:20.
போன் செய்த தம்பி: "கத்தின உடனே போட்டேன்." அவன் போனில் 19:11.
தீயணைப்புத் துறைப் பதிவில் அழைப்பு வந்தது 19:14, வண்டி வந்தது 19:26.
மொரீஷியஸில் இருக்கும் என் சித்தி, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த "கோயில்ல தீ" செய்தியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் 21:12!

தலைவர், "எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி ஒரு நேரத்தை முடிவு பண்ணிடலாம்" என்கிறார். எனக்கு என்னவோ அது சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்_ராஜா

இதில் என்ன குழப்பம் அண்ணா? எல்லா நேரத்தையும் கூட்டி சராசரி எடுங்கள். ஏழு, ஏழு ஐந்து, ஏழே கால், ஏழு இருபது. ஏழு பத்து என்று வரும். யாரும் குறை சொல்ல முடியாது.

இசிப்பிங்கோ_பாலா

நேரம் தப்பாகப் பதிவாவது எனக்கும் நடந்தது. வேகமாக ஓட்டினேன் என்று கேமரா அபராதம் வந்தது, அதில் போட்டிருந்த நேரத்தில் நான் வேலையில் இருந்தேன். இதை எங்கே போய்க் கேட்பது? வக்கீல் வேண்டுமா?

பழைய_அசஸர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பாலா, அது வேறு விஷயம், தனி இழை போடுங்கள். அபராதத் தாளோடு வந்த படத்தில் வண்டி எண் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள்.

குமரன், நான் இன்சூரன்ஸ் சேத மதிப்பீட்டில் நிறைய வருஷம் இருந்தவன். முதலில் தலைவரிடம் கூட்டம் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் குரல் பெரியவர் சொன்ன நேரம் மற்றவர்கள் நினைவிலும் ஏறிவிடும். அப்புறம் ஐந்து பேர் ஒரே நேரத்தைச் சொன்னாலும் அது ஒரே சாட்சிதான்.

ராஜா சொன்ன சராசரியும் வேண்டாம். சிசிடிவி கடிகாரம் தப்பாக ஓடினால் அந்தத் தப்பும் சேர்ந்து கூட்டலில் வரும். கடைசியில் யாருமே சொல்லாத ஒரு நேரம் கிடைக்கும். ஏன் வேறுபடுகிறது என்பதுதான் இங்கே தகவல், சராசரி எடுத்தால் அது தொலைந்துபோகும்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மணி என்ன என்று கேட்காமல், எதற்கு முன்னால் எது நடந்தது என்று கேளுங்கள். வரிசையை ஓரளவு சரியாகச் சொல்வார்கள். மணி பெரும்பாலும் ஊகம். சமையலம்மா கடிகாரத்தைப் பார்த்தாரா, இல்லை தினமும் ஏழு மணிக்குப் பூஜை என்பதால் ஏழு என்கிறாரா? இரண்டு, மனிதர்களை விட்டுவிட்டு முதலில் கடிகாரங்களை விசாரியுங்கள். டிவிஆர், போன், ஓபி புத்தகம் எழுதியவர் பார்த்த கடிகாரம், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது?

யாங்கோன்_முருகேசன்

சித்தி படத்து 21:12 தப்பே இல்லை. மொரீஷியஸ் உங்களைவிட இரண்டு மணி நேரம் முன்னால். வாட்ஸ்அப் பார்க்கிறவர் ஊர் நேரத்தைக் காட்டும். உங்கள் ஊரில் அது 19:12.

இந்த மாதிரி வித்தியாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கலாம். எங்கள் கடையில் ஒரு பழைய கேமரா, அதன் பட்டியலில் பர்மா நேரமான ஆறரை இல்லை என்று பொருத்தியவர் ஏழில் வைத்துவிட்டுப் போனார். எல்லாப் பதிவும் சரியாக அரை மணி முன்னால். வித்தியாசம் முழு மணியாகவோ அரை மணியாகவோ இருந்தால் ஊர் நேரம் தப்பாக வைத்திருக்கிறார்கள். பதினொரு நிமிடம், ஏழு நிமிடம் என்று வந்தால் கடிகாரமே மெல்ல நகர்ந்திருக்கிறது, அல்லது பொருத்தியவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்.

பழைய_அசஸர்

அருமை. தென்னாப்பிரிக்காவில் சரியாக இரண்டு மணி குறைவாக வந்தால் கருவி கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். வண்டி டிராக்கர் அறிக்கைகளில் அடிக்கடி பார்ப்பேன்.

குமரன், டிவிஆரை இப்படிச் சோதியுங்கள். போனில் time.is பக்கத்தைத் திறந்து, நொடி தெரிகிற மாதிரி தாழ்வாரக் கேமராவுக்கு நேரே பிடியுங்கள். பதிவில் மூலையில் விழும் டிவிஆர் நேரமும் போன் நேரமும் ஒரே படத்தில் இருக்கும். கழித்துக்கொள்ளுங்கள். டிவிஆர் நேரத்தைத் தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்! திருத்தினால் பழைய பதிவுக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. அன்றைய பதிவைத் தனியாக நகல் எடுத்துவிடுங்கள், டிவிஆர் நிறைந்தால் மேலெழுதிவிடும். ஒரு வாரம் கழித்து இதே சோதனையை இன்னொரு தடவை.

ஃபீனிக்ஸ்_ராஜா

ஒரு வழி சொல்கிறேன். லோட் ஷெடிங் இருந்த நாளாக இருந்தால் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கரண்ட் போன நேரம் அதில் இருக்கும், எல்லோருக்கும் ஞாபகமும் இருக்கும்.

பழைய_அசஸர்

பாதி சரி. கரண்ட் போனது எல்லோரும் ஒரே நொடியில் உணர்ந்த சம்பவம், அதனால் நல்ல ஆணி. ஆனால் அட்டவணை என்பது திட்டம். உங்கள் தெருவுக்குச் சுவிட்சைப் போட்ட நேரம் சில நிமிடம் தள்ளிப் போகும். கரண்ட் போனது என்ற சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அட்டவணை நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காவடி_குமரன்

அன்று லோட் ஷெடிங் இல்லை. ஆனால் தீயைப் பார்த்து யாரோ மெயின் சுவிட்சை இறக்கினார்கள், மண்டபமே இருட்டானது. டிவிஆர் பதிவிலும் அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது.

முதல் சோதனை முடிந்தது: டிவிஆர் 11 நிமிடம் 35 நொடி முன்னால் ஓடுகிறது.

டர்பன்நார்த்_வித்யா

குமரன் சார், உங்கள் கோயில் சனிக்கிழமை பூஜையை ஃபேஸ்புக்கில் நேரலை விடுவார்களே? என் மாமியார் சென்னையிலிருந்து பார்ப்பார். அன்றும் விட்டிருந்தால் அதில் மணிச்சத்தம், கத்தல் எல்லாம் ஒரே ஓட்டத்தில் இருக்குமே.

காவடி_குமரன்

அடடா, ஆமாம்! பையன் ஒருவன் போனில் டேட்டா போட்டு விட்டான், கரண்ட் போன பிறகும் ஓடியிருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

லெனேசியா_மீனா

நான் விபத்துப் பிரிவில் நர்ஸ். தனித்தனியாகக் கேட்கும்போது ஒரு சின்ன விஷயம்: கேள்விக்குள் நேரத்தை வைக்காதீர்கள். "ஏழு பத்துக்கு எங்கே இருந்தீங்க?" என்று கேட்டால் அந்த ஏழு பத்து அவர் பதிலில் ஒட்டிக்கொள்ளும். "எண்ணெய் வச்சீங்க, அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். நடுவில் திருத்தாமல் எழுதுங்கள். அவர் தன் வாயால் "ஏழு மணி" என்றால், பின்னால் தப்பு என்று தெரிந்தாலும் ஏழு என்றே இருக்கட்டும்.

வீடியோவையும் கேட்பதற்கு முன்னால் காட்டாதீர்கள். காட்டினால் வீடியோவைத்தான் சொல்வார்கள்.

காவடி_குமரன்

ஒரு வாரம் ஆனது. மீனா அக்கா சொன்னபடி ஐந்து பேரிடம் தனியாகப் பேசினேன்.

டிவிஆர் இரண்டாம் சோதனை: 11 நிமிடம் 38 நொடி. வாரத்துக்கு மூன்று நொடி ஓடுகிறது.

நேரலையில் நேரம் போட்டிருப்பது 18:41. நொடி இல்லை. ஓட்டத்தில் 26:30இல் தீபாராதனை மணி ஆரம்பம். 27:40இல் மணி நின்றது. 28:10இல் பின்னாலிருந்து பெண் குரலில் கத்தல், தெளிவாகக் கேட்கிறது. 31:20இல் விளக்கு எல்லாம் அணைந்தது.

டிவிஆரில், அதன் கடிகாரப்படி: சமையலம்மா ஸ்டோர் ரூமுக்குள் போனது 19:17:50. தாழ்வாரத்தில் புகை 19:20:06. அம்மா வெளியே வந்தது 19:20:55. தம்பி போனைக் காதில் வைத்தது 19:22:30. பதிவு அறுந்தது 19:24:10. மறுபடி ஓட ஆரம்பித்தபின் தீயணைப்பு வண்டி கேட்டில் நுழைந்தது 19:37:50.

பழைய_அசஸர்

நல்ல வேலை. இப்போது முடிச்சுப் போடலாம்.

வாரத்துக்கு மூன்று நொடி என்றால், முதல் சோதனைக்கு மூன்று வாரம் முன்பு ஒன்பது நொடி குறைவாக இருந்திருக்கும். அதாவது தீ நடந்த அன்று டிவிஆர் சுமார் 11 நிமிடம் 26 நொடி முன்னால். இதை அப்படியே நம்பக் கூடாது, அன்றைய சம்பவத்தை வைத்தே சரிபார்க்க வேண்டும்.

தம்பியின் அழைப்பு டிவிஆரில் 19:22:30. கழித்தால் 19:11:04. அவன் போனில் 19:11. பொருந்துகிறது. வண்டி நுழைந்தது 19:37:50, கழித்தால் 19:26:24. துறைப் பதிவில் 19:26. அதுவும் பொருந்துகிறது. இந்த இரண்டாவது ஒப்பீடு முக்கியம், ஏனென்றால் நடுவில் டிவிஆர் செத்துப் பிழைத்திருக்கிறது. சில டிவிஆர்கள் எழும்போது இணையத்திலிருந்து நேரம் வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும். உங்களுடையது அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் இடைவெளிக்கு முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு என்று வைத்திருக்க வேண்டும்.

அடுத்து நேரலை. 18:41 என்பது பதிவு வெளியான நேரம், முதல் படத்தின் நேரம்தானா என்பது உறுதியில்லை. அதனால் அதில் தொங்க வேண்டாம். விளக்கு அணைந்தது நேரலையில் 31:20, டிவிஆர் அறுந்தது உண்மை நேரத்தில் 19:12:44. இரண்டும் ஒரே சம்பவம். அப்படியானால் நேரலை ஆரம்பித்தது 18:41:24. வெளியான நேரத்தோடு ஒத்துப்போகிறது. மணி 19:07:54, கத்தல் 19:09:34.

ஒரு எச்சரிக்கை. கரண்ட் திடீரென்று போனால் டிவிஆர் கடைசிச் சில நொடிகளை வட்டில் எழுதாமலே போய்விடும். எனவே அறுந்த நேரத்துக்கும் உண்மையில் இருட்டான நேரத்துக்கும் நடுவே பத்து நொடி வரை தள்ளி இருக்கலாம். நேரலையிலிருந்து எடுத்த எல்லா நேரத்துக்கும் அந்தப் பத்து நொடியைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

டர்பன்நார்த்_வித்யா

ஆனால் நேரலைக்குள்ளேயே மணிக்கும் கத்தலுக்கும் நடுவே 100 நொடி என்பது மாறாது, இல்லையா? எந்தக் கடிகாரமும் தேவையில்லை.

பழைய_அசஸர்

மாறாது. ஒரே ஓட்டத்துக்குள் இருக்கும் இடைவெளியைத்தான் நான் எப்போதும் அதிகம் நம்புவேன். வெட்டி ஒட்டாத பதிவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவடி_குமரன்

இதில் ஒன்று உறுத்துகிறது. சமையலம்மா ஸ்டோர் ரூமில் "ஒரு நிமிஷம்கூட இல்ல, மாவை எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார். கணக்குப்படி 19:06:24க்கு உள்ளே போய் 19:09:29க்கு வெளியே வந்திருக்கிறார். மூன்று நிமிடம் ஐந்து நொடி, அடுப்பில் எண்ணெய். தலைவருக்கு இதைச் சொன்னதும், "அதை எழுதாதே, ஒரு நிமிஷம்னே போடு" என்கிறார்.

ஃபீனிக்ஸ்_ராஜா

தலைவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த அம்மா பாவம், இத்தனை வருஷமாகச் சமைக்கிறார்.

பழைய_அசஸர்

அப்படி எழுதினால் கோரிக்கையே கெட்டுப்போகும். பதிவு வெளியே வந்தால் மிச்சம் எழுதியதையும் நம்ப மாட்டார்கள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. பழகிய வேலையில் போன நேரம் குறைவாகத் தோன்றும். பயத்தில் போன நேரம் நீளும். 1987இல் எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் அரை நிமிட வங்கிக் கொள்ளைக் காட்சியைக் காட்டிக் கேட்டார்கள், பார்த்தவர்கள் அதைவிட வெகு அதிகமாகச் சொன்னார்கள். உங்கள் ஆட்களிடம் வண்டி எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

காவடி_குமரன்

"அரை மணி நேரம் கழிச்சு" என்று மூன்று பேர் சொன்னார்கள்! துறைப் பதிவில் 12 நிமிடம். தம்பி போட்ட 19:11க்கும் அவர்கள் பதிவின் 19:14க்கும் நடுவே இருந்த ஓட்டையும் அடைந்தது: தம்பி முதலில் 10111க்குப் போட்டிருக்கிறான், அது போலீஸ். தீயணைப்புக்கு நேராகப் போட்டது தலைவர். இரண்டு அழைப்பை எல்லோரும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

லெனேசியா_மீனா

அந்த அம்மாவைப் பற்றி எழுதும்போது இரண்டு வரியாக எழுதுங்கள் குமரன். "ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று சொன்னார்" என்பது ஒரு வரி. "கேமராப்படி 3 நிமிடம் 5 நொடி" என்பது இன்னொரு வரி. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டாம். அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இன்சூரன்ஸ்காரர் வாயால் கேட்கக் கூடாது.

யாங்கோன்_முருகேசன்

கேட் காவலரின் 19:05 என்ன ஆனது? அவரை விட்டுவிட்டீர்களே.

காவடி_குமரன்

அவர் தப்பாக எழுதினார் என்று ஒதுக்கிவிடலாம் என்றிருந்தேன்.

பழைய_அசஸர்

ஒதுக்காதீர்கள். அதே பக்கத்தில் அவர் எழுதிய மற்ற வரிகளைப் பாருங்கள். கார் வந்தது, வேன் போனது என்று இருக்கும். அதே வண்டி கேமராவில் எப்போது நுழைகிறது?

காவடி_குமரன்

பார்த்துவிட்டேன். பூ வேன்: ஓபியில் 18:30, கேமராவில் திருத்திய நேரம் 18:35:24. ஒரு வெள்ளைக் கார்: ஓபியில் 19:00, கேமராவில் 19:05:34. இன்னும் இரண்டு வண்டி, ஒன்றில் நான்கு நிமிடம், மற்றதில் ஏழு நிமிடம் வித்தியாசம். எல்லாமே அவர் எழுதியது குறைவு. கேட் அறையில் ஒரு சுவர்க்கடிகாரம், போய்ப் பார்த்தேன், இன்றும் ஐந்து நிமிடம் பின்னால்தான் ஓடுகிறது.

பழைய_அசஸர்

அப்படியானால் அவருடைய 19:05 என்பது உண்மையில் 19:09க்கும் 19:12க்கும் நடுவே. கத்தல் 19:09:34. உங்கள் சாட்சிகளில் மிக ஒழுங்கானவர் அவர்தான். ஐந்து ஐந்தாக முழுமையாக்கி எழுதுவதால் நாலு ஏழு என்று அலைகிறது, அதற்கு மேல் துல்லியம் அவரிடம் கேட்க முடியாது.

குருக்களின் ஏழே காலும் இப்படித்தான். ஏழு மணிக்குப் பூஜை, கால் மணி ஆகியிருக்கும் என்று அவர் மனக்கணக்கு. அவரிடமிருந்து வரிசையை மட்டும் எடுங்கள்.

காவடி_குமரன்

வரிசையிலும் சிக்கல் அய்யா. அவர் மணி அடிக்கும்போதே கத்தல் கேட்டது என்கிறார். நேரலையில் மணி நின்று அரை நிமிடம் கழித்துத்தான் கேட்கிறது.

பழைய_அசஸர்

நீங்கள் பதிவில் கேட்ட கத்தல்தான் அவர் கேட்டதா? புகை 19:08:40க்கே தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரம் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, அது 19:09:04க்குத்தான் நின்றது. புகையைப் பார்த்து வேறு யாராவது சத்தம் போட்டு, மணியில் அமுங்கியிருக்கலாம். தெரியாததைத் தெரியாதது என்றே விடுங்கள்.

காவடி_குமரன்

கடைசியாக, அவர்கள் முக்கியமாகக் கேட்பது: கேஸ் எப்போது மூடப்பட்டது? சமையலறையில் கேமரா இல்லை. சமையலம்மா, "பார்த்ததும் மூடிட்டுத்தான் கத்தினேன்" என்கிறார். கையில் சூடுபட்ட பெண், "இருட்டான பிறகு தம்பிதான் மூடினான்" என்கிறார். தம்பிக்கு ஞாபகமே இல்லை.

ஃபீனிக்ஸ்_ராஜா

அம்மா வெளியே வந்தது 19:09:29, கத்தல் 19:09:34. ஐந்து நொடிதானே இருக்கிறது. நடந்துபோய், மூடி, கத்த முடியுமா? அதனால் தம்பிதான்.

பழைய_அசஸர்

ராஜா, இந்தத் தடவை நல்ல கேள்வி. ஆனால் கத்தல் நேரத்தில் பத்து நொடி பிழை இருக்கிறது என்று மேலே சொன்னேன். எனவே ஐந்து நொடி பதினைந்தாகவும் இருக்கலாம். சிலிண்டர் கதவுக்குப் பக்கத்தில் என்றால் முடியும், அடுப்புக்கு அந்தப் பக்கம் என்றால் கஷ்டம். சிலிண்டரில் ஒரு வால்வு, அடுப்பில் ஒரு குமிழ். ஒருவேளை இருவரும் ஆளுக்கு ஒன்றை மூடியிருக்கலாம். குமரன், "மூடினேன்" என்றால் எதை என்று கேட்டீர்களா?

காவடி_குமரன்

கேட்கவில்லை. சிலிண்டர் அடுப்புக்கு அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று, கேமராவில் 19:11:49க்குச் சுவரில் விழுந்த வெளிச்சம் சட்டென்று குறைகிறது. அது கேஸ் மூடியதாலா?

பழைய_அசஸர்

இருக்கலாம். யாராவது ஈரச் சாக்கைப் போட்டிருந்தாலும் அப்படித்தான் குறையும். கதவைச் சாத்தினாலும் குறையும். எண்ணெய் எரிவதற்குக் கேஸ் தேவையில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

இதற்கு ஒற்றை நேரம் போடாதீர்கள். "அம்மா ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்த 19:09:29க்குப் பிறகு, தீயணைப்பு வீரர்கள் வால்வு மூடியிருந்ததைப் பார்ப்பதற்கு முன்" என்று எழுதி, இரண்டு பேர் சொன்னதையும் கீழே வையுங்கள். வீரர்கள் பார்த்தார்களா என்று துறையில் அறிக்கை கேட்டு வாங்குங்கள்.

காவடி_குமரன்

சரி அய்யா. இன்று இரவு உட்கார்ந்து இப்படி எழுதப் போகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்:

19:06:24 சமையலம்மா ஸ்டோர் ரூமுக்குள் (கேமரா)
19:07:54 தீபாராதனை மணி (நேரலை, பத்து நொடி வரை பின்னால் இருக்கலாம்)
19:08:40 தாழ்வாரத்தில் புகை (கேமரா)
19:09:29 சமையலம்மா வெளியே (கேமரா)
19:09:34 கத்தல் (நேரலை, பத்து நொடி வரை பின்னால் இருக்கலாம்)
19:11:04 தம்பி 10111க்கு அழைப்பு (கேமரா, போன்)
19:12:44 மெயின் சுவிட்ச் இறக்கியது (கேமரா, பத்து நொடி வரை பின்னால் இருக்கலாம்)
19:14 தீயணைப்புக்கு அழைப்பு (துறைப் பதிவு)
19:26:24 வண்டி கேட்டில் (கேமரா, துறைப் பதிவு)
கேஸ் மூடியது: நேரம் உறுதியில்லை, இரு வாக்குமூலம் இணைப்பில்

பழைய_அசஸர்

தலைப்பில் ஒரு வரி சேருங்கள்: டிவிஆர் நேரத்திலிருந்து 11:26 கழிக்கப்பட்டது, கழித்த விதம் இணைப்பில். டிவிஆரில் தெரியும் மூல நேரத்தையும் பக்கத்தில் ஒரு பத்தியாகப் போடுங்கள். அவர்கள் ஆள் வந்து பதிவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 19:20தான்.

இசிப்பிங்கோ_பாலா

படத்தைப் பார்த்தேன் அய்யா, வண்டி எண்ணில் ஓர் எழுத்து வேறு. தனி இழை போட்டிருக்கிறேன், வந்து பாருங்கள்.